திருப்பிக் கேட்ட தயிர் உருண்டை

சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்த பொருளைப் போய்த் திருப்பிக் கேட்டவள், புத்தூர்ப் பக்கத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். நகையாக இருந்தாலும் ஒரு நியாயம் சொல்லலாம். நான் கேட்டது ஒரு பாட்டில் தயிர் உருண்டை.

அதைச் செய்யக் கற்றுக்கொண்டது குவைத்தில். அங்கே ஒரு வீட்டில் பத்து வருஷம் சமையலும் பாத்திரமும் துணியும் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் இருந்து அந்த வேலைக்குப் போன பெண்கள் ஏராளம். ஆனால் என் வீட்டுக்காரர் ஊரில் எல்லாரிடமும் "ஆஸ்பத்திரி வேலை" என்று சொல்லிவைத்தார். நர்ஸ் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்து, மீதியைக் கேட்கிறவர் கற்பனைக்கு விட்டுவிடுவார். நானும் போனில் அதையே சொன்னேன். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த வீட்டு எஜமானி அம்மா வேலையில் ராட்சசி. ஆனால் தயிர் உருண்டையை அவள் செய்கிற அழகைப் பார்க்க வேண்டும். கெட்டித் தயிரில் உப்பைப் போட்டுக் கலக்கி, வெள்ளை மல் துணியில் கட்டி, சல்லடைமேல் வைத்து, கீழே ஒரு கிண்ணம் வைத்து, அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுவாள். ஒரு ராத்திரி வடிந்தால் ரொட்டியில் தடவித் தின்கிற பதம். உருட்டுவதற்கு அது போதாது. இன்னும் இரண்டு ராத்திரியாவது வடிய வேண்டும், நடுவில் துணியை மாற்ற வேண்டும், கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் உருட்டினால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் கணக்கு. உருட்டிய பிறகும் விட மாட்டாள். உருண்டைகளைக் காய்ந்த துணிமேல் பரப்பி மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்து, மேல்தோல் லேசாகக் காய்ந்த பிறகுதான் பாட்டிலுக்குப் போகும். பாட்டில் வெந்நீரில் கொதித்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். எல்லா உருண்டையும் எண்ணெய்க்குள் முங்கியிருக்க வேண்டும். ஒன்று தலையை நீட்டினாலும் அதில்தான் முதலில் பூஞ்சை வரும்.

மூடிய பாட்டிலும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கும். ஆலிவ் எண்ணெய் அந்தக் குளிரில் நெய் மாதிரி உறைந்துபோகும். கெட்டுவிட்டது என்று நினைத்து முதல் தடவை நான் பதறிப்போனேன். வெளியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். காய்ந்த கரண்டியால்தான் எடுக்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் தின்று முடிக்க வேண்டும். ஈரக் கரண்டி போட்டதற்காக எனக்கு விழுந்த திட்டில் எனக்கு வந்த அரபியில் பாதி அடங்கும்.

இத்தனையும் தெரிந்தவள்தான் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழி இல்லை.

மகளைத் திருச்சானூரில் கொடுத்தேன். கோயில் தெருவில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிற குடும்பம், வசதியானவர்கள். கல்யாணமாகி முதல் கோடைக்காலம். ஒருநாள் காலையில் மகள் போன் செய்தாள். "அம்மா, நாளைக்கு வெள்ளிக்கிழமை, பூஜை வெச்சிக்கினு இருக்காங்க. அத்தை உங்க ரெண்டு பேரையும் வரச் சொல்றாங்க. வெறுங்கையோட வராதீங்க" என்றாள்.

ஸ்வீட் வாங்கிப் போவதற்கு என்ன கேடு? ஸ்வீட் கடைக்காரன் செய்தது. என் கையால் செய்த, அவர்கள் யாரும் பார்த்திராத ஒன்றைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அன்று காலையிலேயே தயிரைக் கட்டினேன். ஃப்ரிட்ஜில் வைத்தால் மெதுவாக வடியும் என்று சமையலறை ஆணியிலேயே தொங்கவிட்டேன். வெளியே புத்தூர் வெயில் கொளுத்துகிறது. சாயங்காலம் மூட்டையைத் தட்டில் வைத்து அதன்மேல் அம்மிக் குழவியை ஏற்றினேன். மறுநாள் விடிந்ததும் உருட்டினேன். மேலே இறுகியிருந்தது, உள்ளே ஈரம். கையில் ஒட்டியது. ஒட்டியதைத் துடைத்துக்கொண்டு உருட்டினேன்.

பாட்டிலில் போட்டுப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருந்தது. சம்பந்தியம்மாள் பார்த்தால் "இது இன்னா, உப்பு சப்பில்லாம" என்பாளே என்று பயம். எஜமானி காய்ந்த மூலிகைத் தூளும் மிளகாய்ச் செதிலும்தான் போடுவாள். நான் பச்சைப் பூண்டை உரித்து நறுக்கினேன், கருவேப்பிலையை உருவினேன், பச்சை மிளகாயைக் கீறினேன், கடலை எண்ணெயை ஊற்றினேன். ஆவக்காய் போடுகிற ஊர்க்காரிக்கு எண்ணெய் என்றால் அவ்வளவு நம்பிக்கை. எண்ணெய்க்குள் போய்விட்டால் எதுவும் கெடாது என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. ஊறுகாயைக் காப்பாற்றுவது அதில் போடுகிற உப்பும் மாங்காய்ப் புளிப்பும் என்பது அந்த நேரத்தில் நினைவில் இல்லை. இரண்டு பாட்டில் செய்தேன். ஒன்று அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு.

திருச்சானூரில் சம்பந்தியம்மாள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இது இன்னா சம்மந்தி, கோலி குண்டு மாதிரி?"

"தயிர் உருண்டைங்க. ஒருவித ஊறுகாய்தான்."

"ஃப்ரிட்ஜில வெக்கணுமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஊறுகாய்க்கு எதற்கு ஃப்ரிட்ஜ், இது எந்த ஊர்ச் சமையல், எங்கே கற்றுக்கொண்டீர்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளுக்குத் தயிர் வடிகட்ட யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இவ்வளவும் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. "வெளியவே வெக்கலாம்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டல்தான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. ஊருக்குத் திரும்பியதும், தண்ணீர் பாட்டில்களுக்கு இடம் வேண்டும் என்று அவர் எங்கள் பாட்டிலை ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்து ஊறுகாய் அலமாரியில் வைத்துவிட்டார். நீதானே வெளியே வைக்கலாம் என்றாய் என்பது அவர் கணக்கு. நான் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் உப்பு எடுக்கப் போனபோது பார்த்தேன். எண்ணெய்க்கு அடியில் கலங்கிய தண்ணீர் தேங்கியிருந்தது. பூண்டுத் துண்டுகளைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழி. மூடியைத் திருகினேன், புஸ் என்றது.

எஜமானிக்கு அரபியில் குரல் பதிவு அனுப்பினேன். ஊர் திரும்பிய பிறகும் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புகிற பழக்கம் உண்டு. அவள் உடனே கூப்பிட்டாள். "பச்சைப் பூண்டா? வெளியிலா? தூக்கிப் போடு. ருசி பார்க்காதே" என்று கத்தினாள். அன்றுதான் காரணத்தையும் சொன்னாள். தயிருக்குப் புளிப்பு இருக்கிறது, அது ஓரளவு தன்னைக் காத்துக்கொள்ளும். பச்சைப் பூண்டிலும் இலையிலும் புளிப்பு இல்லை, மண்ணில் இருந்து வருகிற கிருமி அதில் ஒட்டியிருக்கலாம். காற்றுப் போகாத எண்ணெய்க்குள், வெக்கையில், அது விஷத்தை உண்டாக்கும். அந்த விஷத்துக்கு வாசனையும் இருக்காது, ருசியும் இருக்காது. என்ன அடையாளம் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். என் பாட்டில் புஸ் என்று சத்தம் போட்டது என் அதிர்ஷ்டம். சத்தமே போடாமலும் இருந்திருக்கலாம். பத்து வருஷம் பூண்டு போடாதே, ஈரம் படவிடாதே என்று திட்டினாளே, ஏன் என்று ஒருநாள் சொல்லியிருக்கக் கூடாதா? நானும்தான் ஒருநாள் கேட்டிருக்கலாம்.

மகளுக்குப் போன் போட்டேன். "அந்த பாட்டில தொறக்காத, தூக்கிக் குப்பையில போடு" என்றேன்.

"அய்யோ அம்மா, அதை அத்தைதான் எடுத்து வெச்சாங்க. எங்க வெச்சாங்கன்னு தெரியல. நான் இன்னான்னு கேக்கறது? உங்க அம்மா விஷம் குட்த்தாங்களான்னு கேப்பாங்க." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீயே வந்து ஏதாச்சும் சொல்லி எடுத்துக்கினு போ."

அடுத்த பஸ்ஸில் திருப்பதிக்குப் போனேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழி நெடுக என்ன பொய் சொல்லலாம் என்றுதான் யோசித்தேன். பாட்டில் மாறிவிட்டது என்று சொல்லலாமா, எண்ணெய் மாற்ற வேண்டும் என்று சொல்லலாமா? அந்த நேரத்திலும் என் மண்டை அதைத்தான் தேடியது. இதை எழுதவே எனக்குக் கூசுகிறது.

சம்பந்தியம்மாள் ஹாலில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். எண்ணெய் மாற்ற வந்தேன் என்று ஆரம்பித்தேன்.

"அதுவா சம்மந்தி?" என்று சிரித்தாள். "நாங்க அதெல்லாம் துன்றதில்ல. தப்பா நெனச்சிக்காதீங்க. பாத்திரம் தேய்க்கிற பொண்ணுக்குக் குட்த்துட்டேன். அவ ஆசையா எடுத்துக்கினு போனா."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் மகள் தின்னவில்லை, இந்த வீட்டில் யாரும் தின்னவில்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம் இருந்தது. அதற்கப்புறம்தான் அதைத் தின்பதற்கு ஒருத்தி இருக்கிறாள் என்பது உறைத்தது.

"அந்த பாட்டில் வேணும் சம்மந்தி. ஒடனே வேணும்."

சம்பந்தியம்மாள் பூவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வேறொன்றும் கேட்காமல் போனை எடுத்தாள். "ஏம்மா, அன்னிக்குக் குட்த்தேனே பாட்டிலு, அதை எடுத்துக்கினு வா. ஆமா, இப்பவே. அவங்க வந்து கேக்கறாங்க."

அந்தப் பெண் பின்கட்டு வழியாக வந்தாள். பின்னாலேயே இருக்கிற சந்தில்தான் அவள் வீடு. முப்பது வயசு இருக்கும். பாட்டிலை முந்தானையில் சுற்றிப் பிடித்திருந்தாள். நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "நானா கேக்கலமா. நீங்கதான் குட்த்தீங்க. வேணாம்னுதான் சொன்னேன்" என்றாள். சம்பந்தியம்மாளைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

அந்த நிற்பு எனக்குத் தெரியும். குவைத் வீட்டில் எஜமானியின் மகள் எனக்கு ஒரு சென்ட் பாட்டில் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து எஜமானி அதை என் அறையில் பார்த்துவிட்டு, இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டாள். அன்று நானும் இப்படித்தான் பாட்டிலை முந்தானையில் வைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே, நானாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். அப்படி ஒருத்தியை நிற்கவைக்க நான் புத்தூரில் இருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

பாட்டிலை வாங்கினேன். பாதிதான் இருந்தது.

"துன்னியாம்மா?"

"நேத்து காலையில இட்லிக்குத் தொட்டுக்கினோம். நானும் எங்க பொண்ணும். நல்லாதான் இருந்திச்சி." சொல்லிவிட்டு, "துன்னக் கூடாதா?" என்றாள்.

"இதுல பச்சைப் பூண்டு இருக்குது. வெளிய வெச்சா விஷமாகும். கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா, இமை தொங்கினா, நாக்கு குழறினா, தண்ணி முழுங்க முடியலன்னா, ஒரு நிமிஷம்கூட நிக்காத. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போவணும். இன்னிக்கே வரணும்னு இல்ல, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சிக்கூட வரலாம்." சொல்லச் சொல்ல அவள் முகம் வெளிறியது.

சம்பந்தியம்மாள் பின்னால் இருந்து கேட்டாள். "நீங்கதான சம்மந்தி வெளிய வெக்கலாம்னு சொன்னீங்க? ஆஸ்பத்திரியில வேல செஞ்சவங்க. உங்களுக்குத் தெரியாததா?"

மகள் அறை வாசலில் வந்து நின்றிருந்தாள். வேண்டாம் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஆஸ்பத்திரி இல்ல சம்மந்தி. வூட்டு வேல. பாத்திரம் தேச்சி, சமைச்சி, துணி தொவச்சி. அங்க கத்துக்கினதுதான் இது. அது தெரிஞ்சிடும்னுதான் ஊறுகாய்னு சொன்னேன்."

சம்பந்தியம்மாள் மறுபடி பூவை எடுத்துக்கொண்டாள். "தெரியும் சம்மந்தி. பொண்ணு பாக்க வரதுக்கு முன்னாடியே விசாரிச்சிட்டோம். அதெல்லாம் பர்லேது" என்றாள்.

பர்லேதாம், பரவாயில்லையாம். தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள், தெரிந்தேதான் அந்தப் பாட்டிலைப் பின்கட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். யார் செய்ததை யார் தின்ன வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. ஆத்திரப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. என் வெட்கத்தை மூடுவதற்காக நான் சொன்ன பொய்யை, இந்த வீட்டில் நம்பித் தின்றவள் அந்தப் பாத்திரம் தேய்க்கிறவள் ஒருத்திதான்.

அவளையும் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு அப்போதே திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவிடம் பாட்டிலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு பேரின் கண்ணையும் நாக்கையும் பார்த்தார், தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பார்த்தார். இப்போது ஒன்றும் தெரியவில்லை, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணிலோ நாக்கிலோ முழுங்குவதிலோ ஏதாவது மாற்றம் தெரிந்தால் தாமதிக்காமல் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பாட்டிலைத் திறக்காமல் பையில் கட்டி எறிந்தோம். அவள் வீட்டுக்குப் போய், அதைத் தொட்ட கரண்டியையும் கிண்ணத்தையும் நானே சோப்புப் போட்டுத் தேய்த்தேன். "நீங்க வுடுங்கம்மா" என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் தினமும் போன் செய்தேன். "முழுங்க முடியுதா? கண்ணு நல்லாத் தெரியுதா?" முதலில் பயத்தோடு பதில் சொன்னாள், பிறகு சலிப்போடு. கடைசியில், "நல்லா இருக்கோம்மா. பொண்ணு பள்ளிக்கூடம் போயிருக்கா. நீங்க நிம்மதியா துன்னுட்டுத் தூங்குங்க" என்றாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் ஒழுங்காகச் செய்ததால் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு மாதம் போனது. இந்த முறை அவசரப்படாமல் செய்தேன். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே கட்டிவைத்து மூன்று ராத்திரி வடியவிட்டேன், துணியை மாற்றினேன். பூண்டு இல்லை, பச்சை இலை இல்லை. உருண்டை உள்ளங்கையில் ஒட்டாமல் உருண்டது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு திருச்சானூருக்குப் போனேன். அவள் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை நீட்டினேன். "இதுல ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா செஞ்சிருக்கேன். ஃப்ரிட்ஜில மட்டும் வெச்சிக்கோ."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் வாங்கவில்லை. "எங்க வூட்ல ஃப்ரிட்ஜ் ஏதும்மா?" என்றாள்.

அதுகூட எனக்குத் தோன்றவில்லை. குவைத்தில் எனக்கென்று கொடுத்த அறையிலும் ஃப்ரிட்ஜ் கிடையாது. கொடுத்ததை அன்றைக்கே தின்றுவிட வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். அதை நான் எப்போது மறந்தேன்?

பின்கட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய் இரண்டு தட்டும் காலையில் மிஞ்சிய தோசையும் காய்ந்த கரண்டியும் எடுத்து வந்தேன். முதலில் நான் ஒன்றை வாயில் போட்டேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோசையைப் பிட்டுத் தொட்டுக்கொண்டாள். "உப்பு கரெக்டா இருக்குது" என்றாள். அங்கே சம்பளம் எவ்வளவு, அடிப்பார்களா, வெள்ளிக்கிழமை லீவு உண்டா என்றெல்லாம் கேட்டாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அந்தப் பத்து வருஷத்தை முதல்முறையாக ஒருத்தியிடம் உள்ளபடி சொன்னேன்.

பேச்சுச் சத்தம் கேட்டு மகள் கதவருகில் வந்தாள். எங்கள் தட்டைப் பார்த்தாள். நான் நகர்ந்து படியில் இடம் விட்டேன். அவள் திரும்பி ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அங்கே மாமியார் இருந்தாள். பிறகு கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளை நான் கூப்பிடவில்லை. அப்படிச் சாத்தக் கற்றுக்கொடுத்தது நான்தான்.